எட்டு கிராம் கணக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் உற்பத்தியைக் கவனிக்கும் வேலை எனக்கு. சம்பளம் கூட்டிக் கேட்கிறவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். முடிவெடுப்பவர் முதலாளி. அவரிடம் எடுத்துச் சொல்வது மட்டும்தான் என் பங்கு. கேட்கிறவர்கள் பலர் இதை யோசிப்பதில்லை. எனக்கு மனசு இருந்தால் போதாது. அவர்கள் சொன்னதை அவர்கள் இல்லாத இடத்தில் நான் திரும்பச் சொல்ல வேண்டும்; முதலாளி குறுக்கே கேட்டாலும் அது நிற்க வேண்டும்.

கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "போன சீசனைவிடத் துணிச் செலவு நாலு லட்சம் குறைஞ்சிருக்குங்க சார்" என்று வந்தார். நல்ல உழைப்பாளி. தொகையும் சரிதான். ஆனால் அவர் வந்த சீசனில் நூல் விலை இறங்கியிருந்தது. "நூல் இறங்குனதுக்கு இவருக்கு எதுக்குங்க சம்பளம்?" என்றார் முதலாளி. என்னிடம் பதில் இல்லை. அவர் உண்மையிலேயே துணியை மிச்சம் பிடித்திருக்கக்கூடும். ரூபாயில் மட்டும் சொன்னதால் அது விலை இறக்கத்துக்குள் காணாமல் போனது. அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அதற்குப் பிறகு, கம்ப்யூட்டரில் மார்க்கர் போடும் பெண் ஒருவர் ஒரே ஒரு தாளோடு வந்தார். மார்க்கர் என்பது, டீ-ஷர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும் துணியின் அகலத்துக்குள் நெருக்கி அடுக்கும் படம். ஒரு ரவுண்ட் நெக் ரகத்தில் ஒவ்வொரு விரிப்பிலும் ஓரமாக இரண்டரை அங்குலம் வெட்டுத்துணியாகப் போவதை அவர் கவனித்திருக்கிறார். அகலத்தை அந்த அளவு குறைத்துத் துணி வாங்கினால் மார்க்கர் சரியாக அடங்கும் என்று சொல்லி, அடுத்த ஆர்டரில் அப்படியே செய்ய வைத்திருக்கிறார்.

அந்தத் தாளில் இருந்த கணக்கு இதுதான். முதல் ஆர்டரில் 20,000 பீஸ், கட்டிங்கில் செலவான துணி 4,200 கிலோ. பீஸுக்கு 210 கிராம். அதே பையரின் ரிப்பீட் ஆர்டரில் 18,000 பீஸ், 3,636 கிலோ. பீஸுக்கு 202 கிராம். வித்தியாசம் எட்டு கிராம், மொத்தம் 144 கிலோ. கிலோ 420 ரூபாய் என்றால் 60,480 ரூபாய்.

என்னை அசைத்தது அந்தத் தொகை அல்ல, அதற்குக் கீழே எழுதியிருந்த மூன்று வரிகள். இரண்டு ஆர்டரிலும் சைஸ் விகிதம் ஒன்றே என்பது முதல் வரி. சின்ன சைஸ் கூடுதலாக இருந்தாலே சராசரி கிராம் தானாக இறங்கிவிடும். அந்தச் சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. இரண்டு துணியும் 180 ஜிஎஸ்எம் என்பதை லாட் வாரியாகச் சோதித்த ரிப்போர்ட் எண்ணோடு அடுத்த வரியில் காட்டியிருந்தார். துணி மெலிந்து வந்திருந்தால் மார்க்கர் மாறாமலேயே எடை குறையும். மூன்றாவது வரி: "அகலம் மாற்றி வாங்கிக் கொடுத்தது மெர்ச்சண்டைசர்." தன் பங்கு எது, அடுத்தவர் பங்கு எது என்று அவரே பிரித்துவிட்டதால், மீதியை முழுசாக நம்ப முடிந்தது.

முதலாளி கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் அந்தத் தாளில் பதில் இருந்தது. அவர் முதலில் கேட்டதே சைஸ் விகிதத்தைத்தான்.

அந்தப் பெண் வந்த நேரமும் சரி. எங்களிடம் சம்பள உயர்வு ஏப்ரலில் கைக்கு வரும். யாருக்கு எவ்வளவு என்பது பிப்ரவரியிலேயே முடிவாகிவிடும். அவர் ஜனவரியில் வந்தார். உயர்வுக் கடிதம் கொடுத்த பிறகு வருகிறவருக்கு, நியாயம் இருந்தாலும், ஒதுக்கிய பணம் தீர்ந்திருக்கும்.

"மாசம் நாலாயிரம் கூட்டிக் கொடுங்க சார்" என்று தொகையைச் சொல்லியே கேட்டார். வருடத்துக்கு 48,000, ஒரே ஆர்டரில் மிச்சமானதைவிடக் குறைவு. வீட்டு வாடகையையோ பக்கத்துக் கம்பெனிச் சம்பளத்தையோ அவர் பேச்சில் கொண்டுவரவில்லை. அந்தக் கஷ்டங்கள் பொய்யல்ல. ஆனால் கம்பெனியில் எல்லோருக்கும் வாடகை உண்டு. அதை வைத்து ஒருவருக்கு மட்டும் கூட்டித் தரச் சொல்லி என்னால் வாதாட முடியாது.

மூவாயிரம் கிடைத்தது. மீதி ஆயிரத்துக்கு, இன்னும் இரண்டு ரகங்களில் இதே போலக் காட்டினால் தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்றார் முதலாளி. "எந்த ரெண்டு ரகம்னு இப்பவே சொல்லிடுங்க சார்" என்று கேட்டு, அதையும் அந்தத் தாளிலேயே எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வெறும் 'பார்க்கலாம்' என்ற சொல்லை நம்பித் திரும்பிப் போனவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய 210 கிராம் அவரிடம் இருந்ததால்தான் 202-க்கு மதிப்பு வந்தது. வேலையை மாற்றிய பிறகு பழைய கணக்கைத் தேடினால் ரிஜிஸ்டர் கிடைக்காது, கிடைத்தாலும் ஆர்டர் ஒத்துப்போகாது. எனவே நீங்கள் எதையாவது மேம்படுத்தப் போகிறீர்கள் என்றால், கை வைப்பதற்கு முன்பே இன்றைய அளவைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.