பாஸா, ஸ்கூட்டரா?

கல்லூரியில் சேர்ந்ததும் அக்கா மகன் ஸ்கூட்டர் கேட்கிறான். கல்லூரி 12 கிலோமீட்டர். மாதம் 24 நாள் போய்வந்தால் 576 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுத்தால் 13 லிட்டர். லிட்டர் நூறு என்று வைத்தாலே 1,300 ரூபாய். தவணை, ஆயில், டயர் தனி. புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை 5 வருஷத்துக்கும் சேர்த்து முதலிலேயே கட்ட வேண்டும். அவன் சேர்ந்திருப்பதோ அரசு கலைக் கல்லூரி. அரசு பஸ்ஸில் பாஸ் இலவசம்.

“லேப் முடிஞ்சு வந்தா டவுன் பஸ் போயிடுது மாமா.”

நியாயம்தான். ஆனால் லேப் வாரத்தில் இரண்டே நாள். அன்றைக்கு ஷேர் ஆட்டோ காசு நான் தருகிறேன் என்றேன். தவிர, பயலுக்கு இன்னும் 18 ஆகவில்லை. 110 சிசி ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் கிடைக்காது. டிசம்பரில் பிறந்தநாளாம், அப்போது மறுபடி பேசுவானாம்.