பாபிலோனில் இருண்ட ஒரு காலை

கி.மு. 136, ஏப்ரல் 15. பாபிலோனில் பொழுது விடிந்து ஒன்றரை மணி நேரம் தாண்டியபோது, சூரியனின் தென்மேற்கு விளிம்பு மறையத் தொடங்கியது. அடுத்த ஒரு மணி பன்னிரண்டு நிமிடங்களில் சூரியன் முழுவதும் மறைந்தது. வெள்ளியும் புதனும் தெரிந்தன. அந்த நாட்களில் கண்ணில் படாதிருந்த வியாழனும் செவ்வாயும்கூடத் தெரிந்தன. பெயர் தெரியாத ஒருவர் பார்த்து, அளந்து, களிமண் பலகையில் பதித்துவைத்தார். அவர்மேல் எனக்குத் தீராத மரியாதை உண்டு. பூமியின் சுழற்சி தளர்ந்துவருவதற்கு அவருடைய குறிப்பு அசைக்க முடியாத சாட்சி.

பூமி எப்போதும் இன்றைய வேகத்திலேயே சுழன்றிருந்தால், அந்த நிழல் பாபிலோனில் விழுந்திருக்க முடியாது. ஏறக்குறைய 49 பாகை மேற்கே, மயோர்கா தீவுப் பக்கம் விழுந்திருக்கும். நேரமாகச் சொன்னால் மூன்றேகால் மணி வித்தியாசம்.

காரணம் கடல். நிலா இழுப்பதால் கடல்நீர் மேடிடுகிறது. பூமி நிலாவைவிட விரைந்து சுற்றுவதால், அந்த மேடு நிலாவுக்கு நேர்கீழே நிற்காமல் சற்று முன்னே தள்ளிப்போகிறது. நிலா அதைப் பின்னோக்கி இழுக்க, பூமியின் சுழற்சி துளித்துளியாகக் குறைகிறது. பூமி இழந்த சுழற்சி நிலாவுக்குப் போய்ச் சேர்வதால், அது ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருக்கிறது.

ஒரு நூற்றாண்டில் பகலும் இரவும் சேர்ந்த நாள் நீள்வது சுமார் 1.7 மில்லிவினாடிதான். இத்தனை சிறியது மூன்று மணி நேரமாவது எப்படி? நம் வினாடியின் அளவு சுமார் 1820-ஆம் ஆண்டின் நாளை ஒட்டி அமைந்தது. அதற்கு இருபது நூற்றாண்டு முந்திய பாபிலோனிய நாள் 33 மில்லிவினாடி குறைவு. இடைப்பட்ட காலத்துக்குச் சராசரியாக 16 அல்லது 17. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட நாட்களுக்கு அதைக் கூட்டிப் பாருங்கள், மூன்றேகால் மணி வந்துவிடும்.

லீப் வினாடியும் இதே கூட்டல்தான். நாள் ஆண்டுதோறும் ஒரு வினாடி நீள்வதாகப் பலர் எண்ணுகிறார்கள், அப்படியில்லை. 1972-இல் நாள் 86,400 அணு வினாடிகளைவிட மூன்று மில்லிவினாடி அளவுக்கு நீண்டிருந்தது. ஓராண்டில் அது ஒரு வினாடிக்கு மேல் சேர்ந்துவிடும். அணுக்கடிகாரமும் பூமியும் 0.9 வினாடிக்குமேல் விலகாதிருக்க, அந்த ஆண்டு முதல் இதுவரை 27 வினாடிகள் சேர்த்திருக்கிறார்கள். கடைசியாகச் சேர்த்தது 2017 ஜனவரி 1 அதிகாலை. நம் நேரப்படி 5:29:59-க்குப் பிறகு 5:29:60 வந்து, அதன் பின்னரே ஐந்தரை ஆனது.

அதற்குப் பிறகு ஒன்றும் தேவைப்படவில்லை. பூமியின் உட்கருவும் காற்றோட்டமும் சுழற்சியை இடையிடையே முடுக்கிவிடுகின்றன. அண்மை ஆண்டுகளில் பூமி சற்று விரைந்தே சுற்றுகிறது. முன்கூட்டிச் சொல்ல முடியாத இந்த வினாடியால் 2012-இல் பல கணினிச் சர்வர்கள் திணறின. எனவே 2035-க்குள் 0.9 என்ற வரம்பைத் தளர்த்துவதென 2022-இல் முடிவெடுத்தார்கள். கணினிக்காரர்களின் சிரமம் புரிகிறது. ஆனாலும் கடிகாரம் வானத்தோடு ஒட்டியே நடக்க வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன்.