எல்லாரும் கொண்டுவரவில்லை

மாலையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ‘எல்லாரும்’, ‘ஒருவராவது’ என்னும் அளவுச் சொற்களுக்கு வரும்போது கரும்பலகையில் எழுதுவேன்: ‘எல்லாரும் நோட்டுக் கொண்டுவந்தார்கள்.’ இதை மறுத்துச் சொல்லுங்கள் என்றால், ‘எல்லாரும் கொண்டுவரவில்லை’ என்று ஒரே குரல் எழும். தமிழ் இங்கே சற்றுக் குறும்பு செய்கிறது. ஒருவருமே கொண்டுவரவில்லை என்றும் கொள்ளலாம், சிலர் கொண்டுவரவில்லை என்றும் கொள்ளலாம். ஆகவே நோட்டுகளை மேஜைமேல் வைக்கச் சொல்லி எண்ணுவேன். ஒருநாள் 12 பேர், 11 நோட்டு. எழுதிய வாக்கியம் பொய். ‘ஒருவரும் கொண்டுவரவில்லை’ என்பதும் பொய். இரண்டும் சேர்ந்து பொய்யானால் ஒன்று மற்றதற்கு மறுப்பாகுமா? ‘கொண்டுவராதவர் ஒருவராவது உண்டு’ என்பதே சரியான மறுப்பு. நோட்டில்லாத பையனை அன்று நான் கோபித்துக்கொள்ளவில்லை, அவன்தானே சாட்சி! பிறகு திருப்பிக் கேட்டேன்: ‘மூக்குக்கண்ணாடி போட்டவர் ஒருவராவது உண்டு’ என்பதை மறுக்க எத்தனை முகங்களைப் பார்க்க வேண்டும்? பன்னிரண்டையும் என்றான் அவன்.