நகப்பூச்சும் உளூவும்

கீழக்கரையில் என் சாச்சி தம் வீட்டின் முன்னறையில் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்தி வருகிறார். மருதாணி, ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம் ஆகியவற்றோடு சரி. சென்னையில் அழகுக்கலை பயின்று திரும்பிய மகள், நகப்பூச்சையும் ஜெல் நகங்களையும் சேர்க்க வேண்டும் என்றாள். பெருநாளுக்கு வரும் இளம்பெண்கள் மருதாணியை மட்டும் இட்டுக்கொண்டு, நகத்துக்கு வேறு கடை தேடிச் செல்வதை அவள் கண்டிருந்தாள்.

சாச்சி இசையவில்லை. மருதாணி நகத்தில் நிறத்தை மட்டுமே விட்டுச் செல்கிறது. பூச்சோ நகத்தை மூடும் ஒரு படலம். "தண்ணீர் படாத நகத்தோடு ஒருத்தி தொழுதால், பூசிவிட்ட கைக்கும் அதில் பங்கில்லையா?" என்று கேட்டார்.

"இது தண்ணீர் ஊடுருவும் பூச்சு உம்மா. குப்பியிலேயே ஹலால் என்று போட்டிருக்கிறார்கள்" என்றாள் மகள். சொன்னதோடு நில்லாமல் சோதித்தும் காட்டினாள். காபி வடிகட்டும் தாளில் இருமுறை பூசி, நன்கு உலரவிட்டு, அதன் கீழே மற்றொரு தாளை வைத்தாள். மேலே ஒரு சொட்டு நீர் விட்டு விரலால் அழுத்தித் தேய்த்தாள். சிறிது நேரத்தில் கீழ்த்தாள் ஈரமாயிற்று.

சாச்சி பள்ளிப்படிப்பை முடிக்காதவர். ஆனால் அவர் கேட்டது ஓர் ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி. "சாதாரணப் பூச்சையும் இப்படியே தேய்த்துப் பார்." அதிலும் ஈரம் கசிந்தது. "இனித் தேய்க்காமல், உளூ செய்யும் நேரம் மட்டும் விட்டுப் பார்." இரண்டிலும் நீர் முத்துப்போல் மேலேயே நின்றது.

தாளின் இழைகள் பூச்சை உறிஞ்சுவதால் படலம் சீராகப் படிவதில்லை. அழுத்தினால் இடைவெளிகளில் நீர் கசியும். வழுவழுப்பான நகத்தின் மீதோ அது இடைவெளியின்றிப் படிகிறது. நீராவி ஊடுருவுவது வேறு, நீர் நகத்தை நனைப்பது வேறு. உளூவுக்குத் தேவை இரண்டாவது.

உளூ செய்த பின் பூசிக்கொண்டால் காலுறை மீது மஸஹ் செய்வதுபோல் ஆகாதா என்று மகள் கேட்டாள். அந்தச் சலுகை காலுறைக்கு உரியது, நகப்பூச்சுக்கு இல்லை என்று சாச்சி மறுத்துவிட்டார்.

முடிவில் வழி சொன்னவள் மகள்தான். தொழுகை கடமையில்லாத மாதவிடாய் நாட்களுக்கு மட்டும் சாதாரணப் பூச்சு. கடமையான குளிப்புக்கு முன் வந்தால் அதை இலவசமாக அகற்றித் தருவது. சாச்சி இசைந்தார், ஹலால் என்ற சொல் விலைப்பட்டியலில் இடம்பெறக் கூடாது என்ற நிபந்தனையோடு. வருவோரிடம் நாள் கணக்கை விசாரிப்பதில்லை. விதியை மட்டும் சொல்லிவிடுகிறார்கள்.

ஜெல் நகத்தில் இன்னும் இணக்கமில்லை. அதை அகற்ற அசிட்டோனில் பத்துப் பதினைந்து நிமிடமாவது ஊறவைத்துச் சுரண்ட வேண்டும். இரவில் சுத்தமாகி ஃபஜ்ருக்கு எழும் பெண் அதற்கு எங்கே போவாள் என்கிறார் சாச்சி. மகளிடம் அதற்கு இதுவரை பதிலில்லை. ஆனால் ஜெல்லை உலர்த்தும் விளக்கை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறாள்.