ஆற்றின் எந்தக் கரை?

பூகோளப் படம் திருத்துவது சுலபம் என்று நினைக்கிறீர்களா? மதுரையில் ஆசிரியையாக இருக்கும் என் அக்கா திருத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்!

சரியான விடைகளை வரைந்த டிரேசிங் தாளைக் கரையோரக் கோட்டோடு பொருத்தி வைக்கிறாள். ஊருக்கு ஒரு சிறு வட்டம். புள்ளி அதற்குள் விழுந்தால் மார்க்.

ஒரு பையனின் மதுரை வட்டத்துக்குள்தான் இருந்தது. ஆனால் வைகைக்கு வடக்கே! இன்னொருவனின் புள்ளி வட்டத்துக்குச் சற்று வெளியே, ஆனால் தென்கரையில். அக்கா இரண்டாமவனுக்கே மார்க் போட்டாள்.

"இது என்ன நியாயம், அக்கா?" என்றேன்.

"மீனாட்சி கோயிலும் பழைய நகரமும் தென்கரையில்தானே? இந்தப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பென்சில் முனை நகர்ந்தாலே அவ்வளவு தூரம் போய்விடும். அதை மன்னிக்கலாம். கரை மாறினால் ஊரே தெரியவில்லை என்று அர்த்தம்!"

வர்ணத்துக்கும் அதே கணக்குத்தான். 1895 முதல் பெரியாற்று நீர் பாயும் மேலூர்ப் பக்கத்து நெல் வயலுக்குப் பச்சை. கோட்டை விட்டுக் கொஞ்சம் வழிந்தால் குற்றமில்லை. அந்தப் பச்சை திருமங்கலத்துக் கரிசலையும் மூடினால், எத்தனை அழகாகத் தீட்டியிருந்தாலும் பாதி மார்க் போச்சு!

உங்கள் வீட்டுப் பிள்ளை அடுத்த முறை படம் வரையும்போது, முதலில் ஆற்றை வரையச் சொல்லுங்கள், ஊர் அப்புறம்.