எழுத்தா, படமா?

சென்ற பருவத்தில் எங்கள் துறைக் கருத்தரங்கில் தாராவி மறுசீரமைப்பைப் பற்றிப் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற இறுமாப்பு வேறு! பன்னிரண்டு ஸ்லைடுகள் தயாரித்தேன். ஒவ்வொன்றிலும் எங்கள் சந்துகளின் புகைப்படம். அதன்மேல் அரசின் விதிகள்.

ஒத்திகையிலேயே குட்டு உடைந்தது. எங்கள் சந்துகளில் நண்பகலிலும் வெளிச்சம் குறைவு. புரொஜெக்டர் கறுப்பை வீசுவதில்லை. அவ்விடத்தில் ஒளி விழாமல் விடுகிறது, அவ்வளவுதான். விளக்கெரியும் வகுப்பறையில் அந்த இருட்டுப் பகுதிகளெல்லாம் வெளிறி, ஒரே சாம்பல் பூச்சாகிவிட்டன. தெளிவாக விழுந்த படங்களோ வேறு வினை செய்தன. “‘ஸ்லம்டாக் மில்லியனர்’ எடுத்தது இங்கேதானா?” என்றார் ஒரு நண்பர். படத்தின்மேல் எழுதியிருந்த விதி என்னவென்று திருப்பிக் கேட்டேன். ஒருவருக்கும் நினைவில்லை.

அந்த விதியிலல்லவா எங்கள் பிழைப்பே தொங்குகிறது! 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதாகச் சான்று காட்டுவோருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மேல் தளத்தில் குடியிருப்போருக்கு அந்த உரிமை இல்லை. எங்கள் குடும்பம் இருப்பது மேல் தளத்தில்.

வீட்டில் அம்மாவிடம் படங்களைக் காட்டினேன். “ஏலே, இதுல நம்ம கொடியில காயுற சேலைதான் தெரியுது. நாம மேல இருக்கோம்னு எங்கல தெரியுது?” என்றாள். சுருக்கென்றது.

அன்றிரவு எல்லாவற்றையும் கலைத்தேன். தேதியைப் படம் பிடிக்க முடியாது. ‘முன்பு’ என்ற ஒரு சொல்லில்தான் வழக்கே இருக்கிறது. ஆகவே வெள்ளைத் திரையில் கறுப்பெழுத்தில் அந்த விதி மட்டும், நான்கே வரிகள். மேல் தளமோ சொல்லில் அடங்காது. மராத்தியர் ‘மாளா’ என்னும் அந்த அறைக்குத் தெருவிலிருந்தே செங்குத்தான இரும்பு ஏணி ஏறுகிறது. கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம், கதவு எண்ணோ ஒன்று. அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல் கோட்டோவியமாக வரைந்தேன். புகைப்படம் ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டேன்: கும்பார்வாடாவில் வீட்டுவாசலை ஒட்டி நிற்கும் சூளை. வீட்டையும் தொழிலையும் ஏன் பிரிக்க முடியாதென்று விளக்க, அந்தச் சூளையையும் வாசலையும் சேர்த்துக் காட்டத்தானே வேண்டும்?

ஒவ்வொரு படத்தையும் தலைப்பை மறைத்து அறை நண்பர்கள் மூவரிடம் காட்டினேன். மூவரும் மூன்று விதமாகச் சொன்ன படங்களை எடுத்துவிட்டேன். என் சந்தும் போயிற்று, சற்றே வருத்தந்தான்.

கருத்தரங்கில் எழுத்து ஸ்லைடு வந்ததும் வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் பத்து எண்ணினேன். அவர்கள் படிக்கும்போது நானும் பேசினால் இரண்டுமே காதில் ஏறாது. அடுத்துக் கோட்டோவியம். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “கீழ்வீட்டாருக்கு இங்கேயே வீடு, மேலே இருப்பவர்கள் எங்கே போவார்கள்?” என்று கேட்டார்.

அதற்குமேல் ஸ்லைடுகளைத் தள்ள நேரமில்லை. மணி அடிக்கும்வரை அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.