இடுப்பளவை மட்டும் பார்த்து ஜீன்ஸ் எடுக்காதீர்கள்!

எங்கள் வடகரையிலிருந்து தென்காசிக்கு ஜீன்ஸ் எடுக்கப் போகும் பெண்கள் பலர், கடையில் இடுப்பளவை மட்டும் சொல்லித்தான் கேட்கிறார்கள். ஆனால் இடுப்புக்குச் சரியாக இருப்பது தொடையைப் பிடிக்கும். தொடைக்குச் சரியாக இருப்பது இடுப்பில் தொளதொளக்கும். இதில் எதை விட்டுக் கொடுப்பது?

என் மூத்த மகளுக்கு இடுப்பு 30 அங்குலம், பின்புறம் அகன்ற இடத்தில் 41. முதலில் 30-ஆம் நம்பரைப் போட்டுப் பார்த்தாள். பட்டன் சுலபமாகப் போட முடிந்தது. ஆனால் தொடை ஆரம்பிக்கும் இடத்தில் குறுக்குக் கோடுகளாகத் துணி இழுத்தது. பக்கத்துப் பாக்கெட்டுகள் வாய் பிளந்து நின்றன. தொடையிலும் பின்புறத்திலும் இடம் போதவில்லை என்பதற்கு இவையே அடையாளம். அடுத்து 32 போட்டாள். கோடுகள் மறைந்தன. முதுகுப் பக்கம் மட்டும் ஒன்றரை அங்குலம் இடைவெளி. அதையே எடுத்தோம்.

காரணத்தை எங்கள் தையல்கார அண்ணாச்சி சொன்னார்: "இடுப்பை நடுவுல பிடிச்சுத் தந்திரலாம்மா. தொடையைப் பிரிச்சு விடணும்னா உள்ள துணி எங்க இருக்கு?" உண்மைதான். ஜீன்ஸின் தையல்களில் பிரித்து விடும் அளவுக்குத் துணி மிச்சம் வைப்பதில்லை. இடுப்பிலும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பிடித்தால் பின் பாக்கெட்டுகள் இரண்டும் நெருங்கி விகாரமாகிவிடும்.

அடுத்தது ரைஸ். கால்கள் இரண்டும் சேரும் தையலிலிருந்து முன்பக்கம் மேல் பட்டி வரை உள்ள உயரம் அது. பின்புறம் அகன்று இடை ஒடுங்கியவர்களுக்கு ஹை ரைஸ், அதாவது சுமார் 10 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளது, உட்காரும்போது கீழே இறங்காமல் நிற்கும். காலுக்கு ஸ்ட்ரெயிட் கட் அல்லது பூட் கட் எடுக்கலாம். மெலிந்த தொடையும் நேரான இடுப்பும் உள்ள என் இளையவளுக்கு மிட் ரைஸும் ஸ்லிம் கட்டும்தான் பொருந்தின. உடம்பின் மேற்பாதி குட்டையாக இருந்தால் ஹை ரைஸ் விலா எலும்பை இடிக்கும். அவர்களுக்கும் மிட் ரைஸே நல்லது.

ட்ரையல் ரூமில் நின்று பார்த்தால் மட்டும் போதாது. தொடையின் பக்கவாட்டில் துணியைக் கிள்ளிப் பாருங்கள். அரை அங்குல மடிப்பாவது விரலில் வர வேண்டும். ஸ்டூலில் உட்காருங்கள், பட்டி வயிற்றை அழுத்தக் கூடாது, பின்னால் இறங்கவும் கூடாது. பிறகு குத்துக்காலிட்டு எழுந்திருங்கள். முழங்காலில் துணி பிடித்துக் கொண்டால் கால் கட் ஒத்துவரவில்லை என்று அர்த்தம்.

துணியில் எலாஸ்டேன் கலந்திருந்தால் போட்டுப் பழகப் பழகச் சற்றுத் தளரும். எனவே அப்படிப்பட்ட ஜீன்ஸ் வாங்கும்போது இடுப்பில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் பாதகமில்லை. முழுப் பருத்தித் துணியானால், முதல் நாளே வசதியாக இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.